அத்தை மாற்றி எழுதிய உயில்

காசிமேட்டில் மீன் விற்ற காசில் அத்தை திருவொற்றியூரில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கியிருந்தாள். கடலுக்குப் போன அவளது ஒரே மகன் திரும்பவில்லை. அந்தத் துக்கத்தில் அத்தைக்கும் மருமகளுக்கும் வாய்ச்சண்டை முற்றி, மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கோபத்தில்தான் அத்தை வீட்டைத் தன் தம்பி மகனான என் பேருக்கு உயில் எழுதிப் பதிவும் செய்தாள்.

மூன்று வருடம் கழித்து அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. யாரும் கூப்பிடாமலே மருமகள் வந்தாள். குளிப்பாட்டினாள், நடக்கப் பழக்கினாள். பிறகு போகவேயில்லை.

ஒருநாள் அத்தை எனக்கு போன் செய்தாள். "நைனா, வூட்ட அவ பேருக்கு மாத்தணும். நீதான் என்னை இட்டுகினு போவணும். உனுக்கு மனசு கஷ்டமா கீதா?"

"இல்ல அத்தை" என்றேன். கொஞ்சம் இருந்தது.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஆவண எழுத்தரிடம் போனோம். அத்தை பழைய உயிலை மடியிலிருந்து எடுத்து, "இத்த கிழிச்சிப் போட்டா தீந்துதா?" என்றாள்.

"நீங்களே ரத்து பண்ற எண்ணத்தோட கிழிச்சா ரத்துதாம்மா. ஆனா நீங்கதான் கிழிச்சீங்கன்னு நாளைக்கு யார் சொல்றது? ஆபீஸ் புத்தகத்துல நகல் கீது. உங்க காலத்துக்கு அப்புறம் அத வாங்கிகினு யாராவது வழக்குக்கு வருவாங்க. பழச ரத்து பண்றேன்னு புது உயில்லயே எழுதிடலாம்."

பழைய உயிலின் பதிவு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதையும் அதற்கு முன் எழுதிய எதையும் ரத்து செய்வதாகவும், இதுவே கடைசி உயில் என்றும் எழுதினார். இரண்டு சாட்சிகள் வேண்டும். வீடு பெறுகிறவள் சாட்சி போடக் கூடாது என்று மருமகளை வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம். ஆவண எழுத்தர் என்னைப் பார்த்தார். "பழசுல பேர் இருக்கற நீங்களே கையெழுத்துப் போட்டா இதுக்கு பலம், சார்."

அத்தை எங்கள் கண்முன் கைநாட்டு வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு சாட்சி அத்தையோடு மீன் விற்ற தோழி.

உள்ளே சார்பதிவாளர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அத்தையிடம் மட்டும் கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"என்னையா? பெத்த மவனே என்னைக் கட்டாயப்படுத்தினதில்ல, சார்."

அவர் சிரித்தார். "உயிரோட இருக்கற வரைக்கும் நீங்க திரும்பவும் மாத்திக்கலாம்மா."

"இனிமே மாத்த மாட்டேன்" என்றாள் அத்தை.

அடுத்த வருடம் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் என் மனைவி பழைய உயிலின் ஜெராக்ஸை எடுத்து வந்தாள். "பதிவு பண்ணது எப்படி செல்லாம போகும்?"

"அதுக்கப்புறம் அத்தை முறையா இன்னொண்ணு எழுதிட்டாங்க. கடைசியா எழுதினதுதான் செல்லும். நானே சாட்சி."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தூக்குச்சட்டியில் சாம்பார் எடுத்துக்கொண்டு, அத்தை வீட்டில் தனியாக இருந்த மருமகளைப் பார்க்க அவளாகவே கிளம்பினாள்.