தண்ணீர் வற்றிய அருவியின் திணை

ஒரு போலீஸ்காரரை விடிய விடிய அலையவிட்ட பெருமை எனக்கு உண்டு. அதைப் பெருமை என்று சொல்லிக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் தங்கை குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் தங்கி எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். சித்திக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் உட்காரவே மாட்டாள். அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. கூடப் படிக்கிற ஒருவனோடு பழக்கம் என்று யாரோ வத்தி வைக்க, போலீஸில் இருந்த மாமா லீவு போட்டு வந்து முதல் வேலையாகச் சித்தியின் போனைப் பிடுங்கினார்.

அதில் ஒரே ஒரு எண்ணோடுதான் ஓயாத போக்குவரத்து. ஆனால் எல்லாம் வெறும் படங்கள்.

"மலையும் மாடுமா அனுப்பியிருக்கா. காலண்டர் அடிக்கப் போறாளா?" என்று மாமா தலையைச் சொறிந்தார்.

மறுநாள் எனக்குத் தமிழ்ப் பரீட்சை. ஐந்திணை அட்டவணையைக் குளிக்கும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருந்தேன். போனை எட்டிப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, இது திணை."

நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே உள்ள பூவும் பறவையும் விலங்கும் கருப்பொருள், இவற்றைக் காட்டினாலே காதலர் மனதில் இருக்கும் உரிப்பொருள் விளங்கிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சாரல் காலத்துப் படத்தில் அருவியும் செங்காந்தளும். அது குறிஞ்சி, சந்தித்துக் கூடுவது. சாயங்காலம் மாடு திரும்பும் காடும் முல்லைப் பூவும். அது முல்லை, அவன் வருவான் என்று காத்திருப்பது. வயலும் தாமரைக் குளமும் எருமையும், அது மருதம்.

"மருதம்னா?"

"ஊடல் மாமா. சண்டை."

அந்தப் படத்தை அனுப்பிய வாரம்தான் சித்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மாமாவின் முகம் மாறியது. அன்று காலையில் அனுப்பிய கடைசிப் படத்தை என் முன் நீட்டினார்.

"ஏட்டி, இது?"

சித்திரை மாதத்துக் குற்றாலம். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் பாறை, இலையில்லாத மரம், மேலே ஒரு பருந்து. உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே சுருண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது மலை மட்டும்தான்.

"குறிஞ்சி. அருவிக்கரையில சந்திக்கப் போறாங்க. பொழுது யாமம், நடுராத்திரி."

சித்தி கதவருகே நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சரியாத்தான் சொல்லுதா" என்றாள். எம்.ஏ. படிக்கிறவளே ஒப்புக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிரவு சித்தியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க மாமா டார்ச்சோடு அருவிக்குப் போனார். விடியும்வரை குரங்குகளைத் தவிர யாரும் வரவில்லை. காலையில் வந்து, 'இனி எங்கன போகப் போறா' என்று கதவைத் திறந்துவிட்டுப் படுத்தவர் நடுப்பகலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். அம்மா அந்த வெயிலில் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, கண்ணில் பட்ட டிரைவரையெல்லாம் "பச்சைத் தாவணி கட்டுன பிள்ள, கூட ஒரு பையன், பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டு அலைந்தாள்.

பரீட்சையிலும் வற்றிய மலையைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. நான் குறிஞ்சி என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருந்தார். பாலைக்கென்று தனி நிலம் கிடையாதாம். குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் காய்ந்தால் அதுவே பாலையாம். பொழுது நண்பகலாம். உரிப்பொருள் பிரிதலாம்.

காதலனோடு பெண் வீட்டைவிட்டுப் போகும் உடன்போக்கும் பாலையில்தான் பாடப்படும் என்பதையும், அவளைத் தேடி ஒரு தாய் வழியில் போவோரையெல்லாம் விசாரிப்பாள் என்பதையும் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். படித்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டேன். வடகம் போட்டாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான். தெரிந்தே தப்பான பதிலைச் சரி என்று சொல்லி என் மார்க்கைக் கெடுத்துவிட்டாளே. சித்தி திரும்பி வந்தால் ஒரு மாதம் அவளோடு பேசவே கூடாது என்று முடிவு கட்டி, அவள் வருகிறாளா என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.