செம்புக் குடத்துக்குப் பொலிஷ் போட்ட கதை

வெள்ளவத்தை பிளாட்டின் ஹோலை மாற்றும் ஆசை எனக்குத்தான் வந்தது. டிவிக்குப் பக்கத்தில் பித்தளைக் குத்துவிளக்கு, சுவரில் மரச் செதுக்கல், சோபா மூலையில் அம்மாவின் செம்புக் குடம், அதற்குள் பிளாஸ்டிக் சட்டியோடு மணிபிளாண்ட். எல்லாம் பொருந்திவிட்டன, குடம் மட்டும் கறுத்துக் கிடந்தது.

“புளி போட்டுத் தேய், அதே காணும்,” என்றா அம்மா.

எனக்குப் பொறுமை இல்லை. கொட்டாஞ்சேனையில் மெஷினால் பொலிஷ் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் குடத்தின் கழுத்தைக் காட்டினார்.

“இதிலை புள்ளி புள்ளியா வெட்டிக் கிடக்கு. அழிஞ்சிடும், பரவாயில்லையா?”

“ஓம் அண்ணை, கண்ணாடி மாதிரி வேணும்!”

அது என்னவென்று நான் குனிந்தும் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா விரலால் கழுத்தை இரண்டு தரம் சுற்றித் தடவினா.

“என்ர பேர் எங்கை?”

அம்மாவின் கலியாணச் சீருக்குத் தாத்தா தன் கையால் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்து ஆசாரி வெட்டிய பெயராம்.

“திரும்ப வெட்டுவிப்பம் அம்மா.”

“வெட்டலாம். என்ர அப்பான்ர எழுத்தை ஆர் எழுதித் தாறது?”

குடம் இப்போது ஹோலில் பளபளக்கிறது. வருகிறவர்கள், “புதுசா வாங்கினதோ?” என்று கேட்கிறார்கள். நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள், “ஓம், புதுசு,” என்றுவிட்டு அம்மா தேத்தண்ணி போட எழும்பிவிடுகிறா.