வடிவு டீச்சரின் கல்யாண ரவிக்கை

வடசேரியில் தையல் கடை வைத்திருக்கும் செல்லபாய்க்கு ஷிஜி என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். இரண்டு வருஷம் இதே கடையில் அடுத்த மிஷினில் உட்கார்ந்து தைத்தவள், இப்போது எதிர்த் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை வைத்திருக்கிறாள். வடிவாம்பாள் டீச்சர் புது ரவிக்கையெல்லாம் அங்கேதான் கொடுக்கிறாள். செல்லபாயிடம் வருவது பழையதைப் பிரித்துவிடும் வேலை மட்டும்.

அன்று டீச்சரின் மகள் ஆர்த்திகா ஒரு பட்டு ரவிக்கையோடு வந்தாள். டீச்சரின் கல்யாணத்துக்குச் செல்லபாய் தைத்தது. பிற்பாடு இரண்டு தடவை பிரித்துப் பெரிதாக்கியதும் அவள்தான்.

"ஆன்டி, என் நிச்சயத்துக்கு அம்மைக்கு இதத்தான் உடுக்கணுமாம். இன்னும் ரெண்டு இஞ்சு விடணும்."

பக்கத் தையலை விரலால் தடவினாள் செல்லபாய். உள்ளே துணியே இல்லை. இன்னும் ஒரு தடவை பிரிக்கத் தாராளமாக இருந்திருக்க வேண்டும். ஷிஜிதான் கை வைத்திருக்கிறாள்! நினைத்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஒரு பெண்ணின் உடம்பு அளவை இன்னொருவர் வாயில் சொல்லி அனுப்புவது செல்லபாய்க்கு வழக்கமில்லை, மகளானாலும் சரி. சீட்டெழுதி ரவிக்கைக்குள் குத்திவிடுவாள். "நாளைக்கு வா மக்கா" என்று அனுப்பிவிட்டு, ஷிஜியை வாங்கு வாங்கென்று வாங்கி ஒரு பக்கம் எழுதினாள்.

மீதித் துணி எவ்வளவென்று எழுத வேண்டுமே என்று ஓரத்தில் நான்கு தையலைப் பிரித்தாள். கால் இஞ்சு இருந்தது. விளிம்பு பல் பல்லாக வெட்டியிருந்தது. ஷிஜியின் கடையில் நூல் பிரியாமல் விளிம்பை ஓரமடிக்க மிஷின் இருக்கிறது. பல் கத்தரி இந்தக் கடையில் மட்டும்தான் உண்டு. போன தடவை பிரித்தபோது, கக்கத்தில் தடித்து உறுத்துகிறது என்று டீச்சர் சொன்னதும், இனி எங்கே பருக்கப்போகிறாள் என்று தானே நறுக்கித் தள்ளியது ஞாபகம் வந்தது. செல்லபாய்க்கு முகம் சுண்டிப்போனது.

சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்.

"டீச்சருக்கு, உள்ளே கால் இஞ்சுதான் இருக்கிறது. அதையும் பிரித்தால் பட்டு பிசிறிக் கையோடு வந்துவிடும். பழைய ஊசித் துளைகளும் வெளியே தெரியும். மீதியை முன்பு வெட்டியது நான்தான். தப்பு என்மேல். அந்தக் கல்யாணச் சேலையில் உள்ளே சொருகும் உள்முந்தியில் ஒரு சாண் தந்தால் கக்கத்துக்குக் கீழே ஒட்டு வைத்துத் தருகிறேன். கையைத் தொங்கவிட்டால் தெரியாது. செல்லபாய்."

மறுநாள் சீட்டோடு ரவிக்கையை வாங்கிப்போன ஆர்த்திகா, சாயங்காலமே உள்முந்தித் துணியோடு திரும்பி வந்தாள்.

"அம்மைக்கு ஒரு வருத்தமும் இல்ல ஆன்டி. முதல்ல ஷிஜியக்காட்டதான் கொண்டுபோனோம். உள்ள பிரிச்சுப் பாத்துட்டு, அதுமாதிரியே தச்சும் வச்சாவ. துணிய வெட்டுனது யாருன்னு அம்மை கேட்டா. தெரியாதுன்னு சொல்லிட்டாவ. இது செல்லபாயக்கா கைவேல, அவங்கட்டயே குடுங்கன்னாவ."

தெரியாதா? அந்தக் கத்தரியால் இரண்டு வருஷம் வெட்டியவளுக்கா தெரியாது?

ஒட்டுத் துணியை மேசைமேல் விரித்துப்போட்டாள் செல்லபாய். காட்டிக்கொடுக்காமல் விட்டு, இதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்று வயிறு முன்னைவிட எரிந்தது.