இஞ்சின் நிறுத்திய வண்டி

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். விடியற்காலையில் பால் கேன்களை வாலாஜாபாத் பக்கமிருந்த குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோக, ஓர் ஆண்டுக்கு ஒருவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தோம். சொந்தமாக டெம்போ வைத்து அவரே ஓட்டியவர். நடைக்கு இன்ன வாடகை, ஆண்டு முடியும்வரை மாறாது என்று முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டிருந்தோம். இடையில் வண்டி ஓட்டுவதை நிறுத்தினால் வேறு வண்டி அமர்த்தி, கூடுதல் செலவை அவர் கட்டியிருந்த முன்பணத்தில் பிடிக்கலாம் என்றும் இருந்தது.

பாதி ஆண்டில் டீசல் விலை ஏறியது. அந்த மாத பில்லில் அவராகவே வாடகையை ஏற்றி எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிட்டுப் பழைய வாடகைக்குப் பாஸ் செய்தேன்.

மறுநாள் சங்கத்துக்கு வந்தார்.

"இன்னா சார், என் பில்லுல கை வச்சிகீறீங்க?"

"ஒப்பந்தத்துல இல்லாத வாடகை. நீங்களா ஏத்த முடியாது."

"டீசல் ஏறிக்கினே கீதே, அவன் என்னைக் கேட்டுக்கினா ஏத்தினான்?"

பக்கத்திலிருந்த சங்கத் தலைவர், "நம்ம ஊரு ஆளு சார், ஏதோ பார்த்துப் போட்டுக் குடுங்களேன்" என்றார்.

கமிட்டித் தீர்மானம் இல்லாமல் கொடுத்தால் தணிக்கையில் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதைச் சொல்லி, "கூட்டித் தரச் சொல்லி ஒரு மனு குடுங்க. கமிட்டி ஒத்துக்கிட்டா ஒப்பந்தத்தைத் திருத்தி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம்" என்றேன்.

"மனுவா? நான் இன்னா பிச்சையா கேக்குறேன்? போட்ட கையெழுத்துக்கு ஓட்டிட்டுப் போறேன் சார்."

ஓட்டினார். ஒரு நாளும் பால் கெடவில்லை. ஆனால் சங்கத்துக்கு வரும் வழியில் ஏரிக்கரை மேட்டிலிருந்து நீண்ட இறக்கம். மேட்டு உச்சியிலேயே இஞ்சினை நிறுத்தி, டீசலை மிச்சம் பிடித்து, வண்டியை உருளவிட ஆரம்பித்தார். விடியாத இருட்டில் இஞ்சின் சத்தமே இல்லாமல், காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை மட்டும் இறங்கி வரும். பால் ஊற்ற வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் செம்போடு ஓரத்தில் ஒதுங்குவார்கள். அந்த இறக்கத்தின் அடியில் ஒரு திருப்பம்; ஒரு பக்கம் ஏரி மதகு. ஓசை திருப்பத்தைத் தாண்டும்வரை எனக்கு மூச்சு வராது.

பொறுக்காமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். "இஞ்சின் இல்லாம இப்படி வரலாமா? பிரேக் பிடிக்கலைன்னா?"

"உங்க பேப்பர்ல இஞ்சின் ஓடணும்னு எழுதி கீதா, சார்?" என்று சிரித்தார். எழுதவில்லை. அதைப் பலமுறை படித்தவன் நான்.

ஒப்பந்தம் முடிந்தது. முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த டெண்டர் கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து வேறு வண்டி, கூடுதல் வாடகைக்கு, இஞ்சின் அலற இறங்கி வந்தது. பெண்கள் பேசிக்கொண்டே நின்றார்கள்.

அன்று அந்த பில்லை அடித்தது சரிதான். இன்று கொண்டுவந்தாலும் அடிப்பேன். ஆனாலும் விடியுமுன் விழித்துக்கொள்கிறேன். மேட்டிலிருந்து கேன்கள் இறங்கி வருகின்றன; திருப்பத்தை இன்னும் தாண்டவில்லை.