மூன்றாம் இணைப்பில் ஓர் அட்டவணை

கடலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் நான் பொருளியல் கௌரவ விரிவுரையாளன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். மே மாதம் சம்பளம் கிடையாது, ஜூனில் வேலை உண்டா என்பதும் ஜூனில்தான் தெரியும்.

எங்களை நிரந்தரமாக்கும் அளவுக்கு அரசுக்கு வரி வருமானம் வளர்கிறது என்று காட்டி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் சங்கம் கேட்டது. முனைவர் பட்டத்துக்கு நான் குடைந்தது மாநில வரி வருவாயை என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நானும் பெருமையாகவே வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் என் ஆய்வேட்டை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் குறிப்பை மலைபோல் நம்பியிருந்தவன் என் நண்பன். பரங்கிப்பேட்டைக்காரன், வரலாறு நடத்துகிறவன், என்னைவிட மூத்தவன் என்றாலும் வாடா போடா பழக்கம். ஜூனோடு அவனுக்கு அரசு வேலைக்கான வயது வரம்பு முடிகிறது. அதற்குள் ஆணை வந்தால் வேலை, இல்லாவிட்டால் கௌரவ விரிவுரையாளனாக ஓட்டிய பதினெட்டு வருஷமும் வீண்தான்.

கணக்கு எளிதாகத்தான் வந்தது. மாநில மக்களின் மொத்த வருமானம் பத்து சதவீதம் வளரும்போது வரி வசூல் பத்துக்கு மேல் வளர்ந்தால், வரி மிதப்பு ஒன்றுக்கு மேல் என்போம். ஒன்றுக்கு மேல்தான் வந்தது. சங்கத்தில் கைதட்டாத குறை.

ஆனால் அந்த வசூலுக்குள் வேறொன்றும் இருந்தது. அரசு மது விலையைக் கூட்டியதும், பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை ஏற்றியதும், வாகன வரியை உயர்த்தியதும் அதில் சேர்த்தி. அவற்றால் வந்த பணத்தை வருஷாவருஷம் கழித்து, பழைய விகிதமே இருந்திருந்தால் வரி தானாக எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று பார்ப்பதுதான் நெகிழ்ச்சி. அதையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்குக் கீழே கிடந்தது. பிழை இருக்காதா என்ற ஆசையில் மூன்று முறை போட்டேன். நகரவில்லை.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. சங்கடமான அட்டவணையைத் தூக்கி எறிய மாட்டோம், கடைசியில் இணைப்பாகச் சேர்த்துவிடுவோம். நேர்மையும் ஆச்சு, யாரும் படிக்கவும் மாட்டார்கள். நானும் அதை மூன்றாம் இணைப்பாக வைத்தேன். நண்பன் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்கு எதிரா இருக்குதே, எடுத்துடு மச்சான் என்றான். ஆய்வாளன் என்கிற திமிர் எனக்கு. இணைப்பை எவன்டா படிக்கிறான் என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து நிதித்துறை அதிகாரி ஒருவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது சங்கத்துக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. அவரும் பொருளியல் படித்தவராம். குறிப்பைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். நானும் யாருடைய ஆய்வேட்டையும் அப்படித்தான் திறப்பேன்.

அவர் கோபப்படவில்லை. "நிரந்தரச் சம்பளம் ஒவ்வொரு வருஷமும் தானா ஏறும் சார். வரி அந்த அளவுக்குத் தானா ஏறலையே. நாங்க ரேட்டைக் கூட்டினாத்தான் ஏறுது. நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார்.

வருஷாவருஷம் கூட்டத்தானே செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். அடுத்த வருஷமும் கூட்டுவோம் என்று எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. கோரிக்கையை ஏற்க இயலாது என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. காரணத்துக்கு என் மூன்றாம் இணைப்பையே காட்டியிருந்தார்கள்.

அன்று பஸ்ஸில் நண்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். திட்டினால் தேவலாம் என்றிருந்தது. பரங்கிப்பேட்டை பஸ்ஸுக்கு மாற முட்லூரில் இறங்க எழுந்தபோதுதான் பேசினான்.

"அந்தக் கணக்கு சரிதானா மச்சான்?"

"சரிதான்டா."

"தப்பா இருந்திருந்தாக்கூட பரவால்ல. சண்ட போடலாம்" என்றான். இறங்கிப் போய்விட்டான்.

ஜூனில் அவன் வரம்பைத் தாண்டினான். மறு மாதமே அரசு மது விலையைக் கூட்டியது. வசூல் ஏறியது. பழைய கோப்பைத் திறந்து புதிய வரிசையைச் சேர்த்துப் பார்த்தேன். மிதப்பு முன்பைவிட நன்றாக இருக்கிறது. அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை.