இரண்டாவது கடிதம்

என் அப்பா இராசநாயகம் எந்தப் பொருளையும் முதல் தரம் கேட்டவுடன் வாங்கியவரல்ல. மீன்காரன் விலை சொன்னால் வேலிக்கு மேலால் வானத்தைப் பார்ப்பார். மீன்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி போய்த் திரும்பி வந்து வேறு விலை சொன்ன பிறகுதான் அப்பாவுக்குக் காது கேட்கும். புங்குடுதீவு இறுப்பிட்டியில் எங்கள் கடைக்குச் சாமான் கொண்டுவரும் வான் வண்டிக்காரருக்கும் இது தெரியும். அவர்கள் வந்ததும் ஒரு விலையைச் சொல்லிவிட்டு, சோடா ஒன்றை உடைத்துக் குடித்தபடி காத்திருப்பார்கள்.

இந்தப் பழக்கம் மலைநாட்டில், மாத்தளையில் பழகியது. பதினாலு வயதில் ஊரவர் ஒருவரின் பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனவர் அப்பா. புங்குடுதீவுப் பெடியன்கள் அப்படிப் போவது அந்தக் காலத்தில் வழமை. வெங்காயமும் புகையிலையும் அனுப்புகிறவர்கள் முதலில் ஒரு கடிதம் எழுதுவார்களாம். முதலாளி அதை வாசித்து, வந்த திகதியைப் பின்புறத்தில் குறித்து, தராசுக்குக் கீழே வைத்துவிடுவாராம். மறுமொழி எழுதமாட்டார். முதற் கடிதத்தில் இருப்பது சரக்கின் புகழ், குறை இரண்டாவதில்தான் வரும் என்பது அவருடைய கணக்கு. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. அப்பா கையில் ஒன்றும் இல்லாமல் ஊருக்கு வந்தார். அங்கிருந்து மிஞ்சியது இந்தப் பழக்கம் மட்டுந்தான்.

2018ஆம் ஆண்டு மே மாதம், ஒரு திங்கட்கிழமை, தபால்காரர் கடைக்கு ஒரு மண்ணிறக் கடித உறையைக் கொண்டுவந்தார். தம்பி துஷ்யந்தன் படித்த பள்ளிக்கூடத்தின் முத்திரை அதில் இருந்தது. நான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை வீட்டில் இருந்த காலம் அது. தம்பியின் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்து ஒரு மாதமாகியிருந்தது. கணிதமும் விஞ்ஞானமும் பாஸ். ஆங்கிலமும் வரலாறும் இல்லை. கடையில் இருக்கட்டும் என்று அப்பா நினைத்திருந்தார். தம்பி என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

"பிள்ளை, வாசி" என்றார் அப்பா. கண்ணாடி எடுக்கச் சோம்பல்.

அதிபர் பிரதாபன் மாஸ்டர் எழுதியிருந்தார்:

"தங்கள் மகன் துஷ்யந்தன் உயர்தரம் கற்பதிலும் பார்க்க, கைத்தொழிற் பயிற்சி பெறுவது அவனுக்குப் பொருந்தும் என்பது எனது தாழ்மையான கருத்து. கடந்த ஆண்டு எமது ஆய்வுகூடத்தில் பழுதடைந்த மின்விசிறிகள் மூன்றை அவன் யாரும் கேளாமலே திருத்தினான். யாழ்ப்பாணத்திலுள்ள அரச பயிற்சி நிலையத்தில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் (ஏசி) கற்கைநெறிக்கு விண்ணப்பம் கோரப்பட்டுள்ளது. ஆறு மாதம் நிலையத்திலும் ஆறு மாதம் ஒரு நிறுவனத்திலும் பயிற்சி. இறுதிக் கணிப்பீட்டில் தேறினால் தேசிய தொழிற்றகைமை நான்காம் மட்டச் சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் ஐந்தாம் மட்ட டிப்ளோமாவும் அதற்கு மேலும் கற்க வழியுண்டு. எமது தீவுகளில் மீன் களஞ்சியங்களும் ஐஸ் தொழிற்சாலைகளும், பட்டினத்தில் விடுதிகளும் வைத்தியசாலைகளும் பெருகுவதால் இத்தொழிலுக்கு நல்ல எதிர்காலம் உண்டு. விண்ணப்பப் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முடிவு திகதி இம்மாதம் 25. தங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கிறேன்."

தம்பி சீனி மூட்டைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"நல்லாய் எழுதியிருக்கிறார்" என்றார் அப்பா. கடிதத்தை வாங்கி, பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கி, தராசுக்குக் கீழே வைத்தார். பிறகு ஒருவருக்குக் கால் கிலோ பருப்பு நிறுத்தார்.

அவ்வளவுதான். ஒரு கிழமை போனது. கடிதத்தின் ஒரு மூலை தராசுக்கு வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. தம்பி சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழும்பினான். அம்மா பிறப்புச் சான்றிதழை அலுமாரியிலிருந்து எடுத்து, கிராம சேவகரிடம் கடிதமும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வைத்தா. அப்பாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"இஞ்சருங்கோ, அந்த மனிசனுக்கு ஒரு மறுமொழி குடுக்கிறதில்லையே?" என்று கடைசியில் கேட்டா.

"குடுக்கிறதுதான். இரண்டாவது கடிதம் வரட்டும்."

"எந்த இரண்டாவது கடிதம்?"

"முதற் கடிதத்திலை முழுக்கப் புகழ்தானே கிடக்கு. குறை ஒண்டும் எழுதேல்லை. குறையில்லாத சரக்கு எங்கையப்பா கிடக்கு? எழுதுவார், பாரும்."

"அப்பா, அவர் அதிபர். வெங்காயம் விக்கிற ஆளில்லை" என்றேன் நான்.

"எல்லாரும் ஏதோ ஒண்டை விக்கிற ஆக்கள்தான் பிள்ளை. அவர் நல்லதை விக்கிறார். அதுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஏலுமோ?"

பதினெட்டாம் திகதியும் போனது. இருபதும் போனது. பிரதாபன் மாஸ்டர் கொக்குவில்காரர். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து இரண்டு வருடம். தினமும் மோட்டார் சைக்கிளில், கடலுக்கு நடுவே போகும் தாம்போதி கடந்து வந்து போவார். தீவார் வியாபாரப் பழக்கமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? இருபத்துமூன்றாம் திகதி நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"வாரும் சிவரூபி, இரும்" என்று கதிரையைக் காட்டினார். "தம்பியின்ரை விசயத்திலை அப்பாவுக்கு விருப்பமில்லைப்போல. பதிலே வரேல்லை. நான் திரும்பக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக்கூடாது எண்டு பேசாமல் விட்டிட்டன்."

"ஐயோ சேர், அவர் உங்கடை இரண்டாவது கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு ஆசிரியை எட்டிப் பார்த்தா.

"அப்ப குறை வேணும் எண்டுறார். சரி. நாளைக்கு வாறன்."

அடுத்த நாள் பள்ளி விட்டதும் அவர் மோட்டார் சைக்கிளைக் கடைவாசலில் நிறுத்தினார். ஒரு சவர்க்காரக் கட்டி கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். பிறகுதான் அவர் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். அப்பா இந்தமுறை தானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதத்தில் புகழ் ஒரு வரியும் இல்லை. பையன் காலை முதல் பஸ் பிடிக்க வேண்டும், இரவானபின் வீடு வருவான். மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்தாலும் கைச்செலவுக்குக் காணாது. நிறுவனப் பயிற்சியில் முதல் இரண்டு மூன்று மாதம் குறடும் சாவியும் போட்ட ஆயுதப் பெட்டி தூக்க வைப்பார்கள். வாயு கசிந்தால் கை சுடும், மின்சாரம் தாக்கக்கூடும். வெயிலில் மொட்டைமாடியில் நின்று வேலை செய்ய வேண்டும். சேருகிற எல்லாரும் முடிப்பதில்லை. முடித்தாலும் கணிப்பீட்டில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இருந்தாலும் வேலையை வீட்டுக்கு யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். வெளிநாடு போக நினைத்தால் விடுபட்ட ஆங்கிலத்தை எடுத்தே ஆக வேண்டும்.

அப்பா இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"மாஸ்டர், ஒரு குறையை விட்டிட்டியள்."

"என்னண்ணை?"

"அவன் போனால் இந்தக் கடைக்கு ஆளில்லை."

மூலையில் குளிர்சாதனப் பெட்டி கடகடத்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

பிரதாபன் மாஸ்டர் சவர்க்காரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அது உண்மைதான் அண்ணை. ஆனால் அது என்ரை சரக்கிலை உள்ள குறை இல்லை. உங்கடை கடையிலை உள்ள குறை."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "நீங்கள் மாத்தளையிலை கடை போட்டிருக்கோணும் மாஸ்டர்! பேனையைத் தாரும், பிள்ளை."

கையெழுத்துப் போட்ட பிறகுதான் திகதியைக் கவனித்தார். மறுநாள் இருபத்தைந்து. தபாலில் போட்டால் போய்ச் சேராது. அம்மா உள்ளே போய்ப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

"இதெல்லாம் எப்ப எடுத்தனீர்?" என்றார் அப்பா.

"நீங்கள் வானத்தைப் பாத்துக்கொண்டிருந்த நேரம்."

மறுநாள், வெள்ளிக்கிழமை, கடை பூட்டியிருந்தது. கலியாணமோ செத்தவீடோ இல்லாமல் அப்பா கடை பூட்டியது எனக்கு நினைவு தெரிய அன்றுதான். அவரும் தம்பியும் முதல் பஸ்சில் போனார்கள். அங்கே நடந்ததைத் தம்பிதான் வந்து சொன்னான். விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர், சரி ஐயா போகலாம், நேர்முகத்துக்குக் கடிதம் வரும் என்றாராம். அப்பா போகவில்லை. வேலைத்தளத்தைப் பார்க்க வேண்டும் என்று நின்றாராம். போதனாசிரியர் ஒருவர் கூட்டிப்போய்ப் புது ஏசி ஒன்றைக் காட்டினாராம்.

"புதுசைக் காட்டாதையுங்கோ தம்பி. பழுதானதைக் காட்டுங்கோ."

அவர் ஒரு பழைய கொம்பிறசரைக் கழற்றி வைத்திருந்த மேசைக்குக் கூட்டிப்போனார். எது எங்கே பழுது என்று கேட்டார் அப்பா. போதனாசிரியர் சொல்லத் தொடங்குமுன் தம்பி குனிந்து, இந்தச் சுருள் எரிஞ்சுபோச்சு, மணக்குது என்றானாம். திரும்பி வரும் வழியில், வேலணையில் பஸ் நின்றபோது அப்பா கச்சான் கடலைச் சரை ஒன்று வாங்கினாராம். சொன்ன விலைக்கு, பேரம் பேசாமல்.

தம்பி சேர்ந்தான், முடித்தான், தேறினான். ஆயுதப் பெட்டி மூன்று மாதமல்ல, நாலு மாதம் தூக்கினான். மாஸ்டர் சொன்ன குறைகள் எல்லாம் இருந்தன. அவை முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அவன் ஒருநாளும் திடுக்கிடவில்லை. இப்போது வேலணையில் வேலைத்தளம் வைத்திருக்கிறான். நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று ஐஸ் பெட்டியும் மீன் களஞ்சியமும் திருத்தப் போகிறான். எங்கள் கடைக் குளிர்சாதனப் பெட்டியை அவன் முதன்முதலில் திருத்தியபோது கூலி கேட்டான், பகிடிக்குத்தான். அப்பா வானத்தைப் பார்த்தார். அவன் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி போய்த் திரும்பி வந்தான். அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டு சிரித்த சத்தம் றோட்டுக்குக் கேட்டிருக்கும்.

போன மாதம் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. இன்று கடையை ஒதுக்கினோம். தராசை நான் தூக்கினேன். அதற்குக் கீழே இரண்டு கடிதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ணெய் ஊறிக் கிடந்தன. இரண்டாவதின் பின்புறத்தில் அப்பாவின் சாய்ந்த எழுத்து: "24.05.2018. எடுத்துக்கொண்டோம்."

முதற் கடிதத்தைத் திருப்பினேன். தபால்காரர் கொண்டுவந்த அந்தத் திங்கட்கிழமை, பருப்பு நிறுக்குமுன், அவர் கிறுக்கியது அங்கே இருந்தது.

"07.05.2018. சரக்கு நல்லது. பெடியனைப் படிக்க விடுவம். இரண்டாங் கடிதம் வரட்டும்."