வெள்ளை பனியனில் மூன்று புள்ளிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் எனக்குப் போட்டோ எடுக்கும் வேலை. தைத்து முடித்த பீஸ்களைப் படமெடுத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டும். அதற்கென்றே லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா ஒன்றை முதலாளி வாங்கியிருந்தார். ஃபிலிமில் ஊறியவன் நான். எனக்குத் தெரியாத கேமராவா என்ற மண்டைக்கனம் வேறு.

ஒருநாள் படங்களைப் பார்த்துவிட்டு பையர் புகார் அனுப்பினார். வெள்ளை பனியன்கள் எல்லாவற்றிலும் மூன்று கறைகளாம். மேனேஜர் பதறிப்போய், பிரித்துக்கூடப் பார்க்காமல் பீஸ்களை வாஷிங்குக்கு ஏற்றிவிட்டு என்னைக் கேட்டார். லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

"லென்ஸ் பளிச்சுனு இருக்குதுங்க. துணியிலதான் ஆயில் கறை" என்றேன்.

அன்று மாலையே, பீஸ்களில் கறை, கிழிசல் பார்த்து அனுப்பும் செக்கிங் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருடம் அந்த மேசையில் நின்றவர். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

வாஷிங்கிலிருந்து பீஸ்கள் சுத்தமாக வந்தன. கறை போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினோம். மறுபடி படமெடுத்தேன். அதே மூன்று புள்ளிகள், அதே இடங்களில்.

வெறும் வெள்ளைச் சுவரை எடுத்தேன், இருந்தன. வேறு லென்ஸ் மாட்டினேன், இருந்தன. லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, அபெர்ச்சரை, முழுக்கத் திறந்தால் மங்கி மறைந்தன, சிறிதாக்கினால் பளிச்சென்று வந்தன. தூசு லென்ஸில் இல்லை, உள்ளே படம் பதியும் சென்சாரில். ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் வரும். இதில் எல்லாப் படத்துக்கும் ஒரே சென்சார்தான். இந்தச் சின்ன விஷயம் கனம் பிடித்த என் மண்டையில் ஏறவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நானோ யாருக்கும் தெரியாமல் சுத்தம் செய்யப் பார்த்தேன். எங்களுக்குப் பஞ்சுத் தூசு என்றாலே கம்ப்ரசர் காற்றுதான். தையல் செக்சன் ஏர் கன்னை எடுத்து உள்ளே ஒரே அடி. அடுத்த படத்தில், கம்ப்ரசர் காற்றோடு வந்த எண்ணெய்த் துளிகள் அம்மை போட்டதுபோல நிறைந்திருந்தன.

சென்னையில் இருந்த கேமரா சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். "லென்ஸ் அழுக்குன்னா இப்படிக் கூர்மையாப் புள்ளி விழாதுங்க. சார்ஜ் முழுசா வச்சு, சென்சாருக்கு முன்னால இருக்கிற கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, கேமராவைக் கவுத்துப் பிடிச்சு, ரப்பர் பல்பால ஊதணும். அவ்வளவுதான். இனி தொடாதீங்க, இங்க அனுப்புங்க."

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தப்புப் பண்ணுன ஆளைத் தூக்கிட்டோம்னு பையருக்கு எழுதிப்போட்டமப்பா. இனி போய்க் கேமராதான்னு சொல்ல முடியுமா? உட்ரு."

அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, துணியில கறையே இல்லீங்க. கேமராவுல தூசுங்க. நான்தான் தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் பாத்தப்பத் துணி சுத்தமாத்தான் இருந்துச்சு கண்ணு. என்ர கண்ணுதான் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். ரெண்டு கம்பெனியில செக்கிங்குக்குக் கூப்புட்டாங்க. எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்கன்னு நானே சொல்லி அனுப்பிப்போட்டேன்."